ஐ.வி. என்கிற தொழிற்சாலைப் பார்வைக்கு அனுமதி கேட்டு ஹெச்.ஆருக்கு அனுப்பும் மெயில் உள்ளே எங்கெல்லாம் போகிறது

"அண்ணா, நான் மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு, வகுப்பு ரெப். ஐ.வி.க்காக ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஏழு கம்பெனிக்கு மெயில் போட்டேன், ஒன்றிலிருந்தும் பதில் வரவில்லை. நாங்கள் மொத்தம் 56 பேர். ஹெச்.ஆரிடம் எப்படிக் கேட்டால் அனுமதி தருவார்கள்?"

தம்பி, அந்த ஏழு மெயிலையும் எந்த முகவரிக்கு அனுப்பினீர்கள் என்று முதலில் பாருங்கள். வெப்சைட்டில் இருக்கும் `careers@` அல்லது `info@` முகவரிக்குப் போட்டிருந்தால் அதை ஃபேக்டரியில் ஒருவரும் பார்த்திருக்க மாட்டார்கள். `careers@` பெட்டியில் தினமும் பயோடேட்டா வந்து குவியும், அதைப் பார்ப்பவர் சென்னையிலோ பெங்களூரிலோ தலைமை அலுவலகத்தில் ஆள் எடுக்கும் வேலையில் இருப்பவர், ஒரகடம் பிளான்டுக்குள் 56 பேரை விடலாமா என்று முடிவு செய்யும் இடத்தில் அவர் இல்லை. உங்கள் மெயில் அங்கேயே கிடக்கும்.

நான் ஒரு கியர் தயாரிக்கும் ஃபேக்டரியில் பதினோரு வருடம் ஹெச்.ஆர். பக்கம் இருந்தேன், அதில் ஆறு வருடம் டிரெய்னிங்கும் ஐ.வி.யும் என் மேஜைக்குத்தான் வரும். எங்களுக்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் நாங்கள் பதிலே போடவில்லை. அது சரி என்று சொல்லவில்லை, ஆனால் ஏன் அப்படி நடக்கிறது என்று தெரிந்தால் நீங்கள் எழுதும் விதம் மாறிவிடும், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஹெச்.ஆரிடம் அனுமதி கேட்கிறோம் என்று நினைக்கிறீர்கள். உண்மையில் ஹெச்.ஆர். தானாக அனுமதி தர முடியாது. உங்கள் கடிதம் என்னிடம் வந்தால் நான் அதை மூன்று பேரிடம் கொண்டுபோக வேண்டும். புரொடக்ஷன் ஹெட்டிடம் போனால் அவர் கேட்பது, "அன்றைக்கு லைனில் என்ன லோடு, சுற்றிக் காட்ட யாரை விடுவது?" சேஃப்டி ஆபீசர் கேட்பது, "எத்தனை பேர், ஷூ போட்டு வருவார்களா, கூட எத்தனை வாத்தியார்?" கேட்டில் செக்யூரிட்டியும் டைம் ஆபீசும் கேட்பது, "பெயர்ப் பட்டியல் எங்கே, பஸ் நம்பர் என்ன?" இந்த மூன்று பேரின் கேள்விக்கும் உங்கள் கடிதத்திலேயே பதில் இருந்தால் நான் அப்படியே ஃபார்வேர்டு செய்து, மேலே ஒரு வரி எழுதிவிட்டு விட்டுவிடுவேன். பதில் இல்லையென்றால் நான் உங்களுக்கு எழுதிக் கேட்க வேண்டும், நீங்கள் வாத்தியாரிடம் கேட்டு நான்கு நாள் கழித்துப் பதில் போடுவீர்கள், அதற்குள் எனக்கு சம்பள வேலை வந்துவிடும். அப்படித்தான் கடிதங்கள் செத்துப்போகின்றன. "எங்கள் மாணவர்கள் தங்கள் புகழ்பெற்ற நிறுவனத்தைப் பார்வையிட விரும்புகிறார்கள், தயவுசெய்து அனுமதி தரவும்" என்று வரும் கடிதத்தில் எனக்கு எடுத்துக்கொடுக்க ஒன்றுமே இருக்காது.

இனி உங்கள் 56 பேருக்கு வருவோம், ஏனென்றால் உங்களுக்குப் பதில் வராததற்கு அந்த எண்ணே பெரிய காரணமாக இருக்கலாம். வகுப்பு முழுவதும் போக வேண்டும் என்பது கல்லூரிக்கு நியாயமாகப் படும். ஃபேக்டரிப் பக்கம் கணக்கு வேறு. எங்களிடம் விசிட்டர்களுக்கென்று இருந்தது 30 ஹெல்மெட், 30 கண்ணாடி. அந்த எண்தான் எங்கள் எல்லை, அதற்குமேல் பெரிய காரணம் ஒன்றும் இல்லை. அடுத்தது சத்தம். கியருக்குப் பல் வெட்டும் ஹாபிங் மெஷின் வரிசையாக ஓடும் இடத்தில் கூட்டிப் போகும் சூப்பர்வைசர் கத்திப் பேசினாலும் அவரைச் சுற்றி நிற்கும் 12, 15 பேருக்குத்தான் காது கேட்கும். பின்னால் நிற்பவர்களுக்கு ஒன்றும் கேட்காது, கேட்காதவர்கள் நகர ஆரம்பிப்பார்கள், நகர்ந்தால் மஞ்சள் கோட்டைத் தாண்டுவார்கள், அந்தப் பக்கம் ஃபோர்க்லிஃப்ட் ஓடும். சேஃப்டி ஆபீசர் பயப்படுவது இதற்குத்தான். 56 என்ற எண்ணைப் பார்த்ததும் அவர் கடிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவார், உள்ளே எழுதியிருப்பதைப் படிக்கக்கூட மாட்டார்.

எனவே பிரிக்கும் வேலையை அவர்களுக்கு விடாமல் நீங்களே செய்து அனுப்புங்கள். 28, 28 என்று இரண்டு பேட்ச். ஒவ்வொரு பேட்சும் உள்ளே 14, 14 ஆகப் பிரிந்து போகும் என்று எழுதுங்கள். ஒரே நாளில் இரண்டு பேட்சையும் ஒரே ஃபேக்டரியில் முடித்துவிடலாமே என்று தோன்றும், அதன் நேரக் கணக்கைப் பாருங்கள். கேட்டில் ஐ.டி. கார்டு பார்த்து, ரெஜிஸ்டரில் எழுதி, செல்போன் வாங்கி வைத்து உள்ளே விட 28 பேருக்கே அரை மணி நேரம் ஆகும். சேஃப்டி இன்டக்ஷன் 20 நிமிடம். லைன் சுற்றி வர ஒன்றேகால் மணி நேரம். கடைசியில் கேள்வி பதில் 15 நிமிடம். ஆக ஒரு பேட்சுக்கு இரண்டு மணி நேரம் இருபது நிமிடம். காலை பத்துக்கு ஆரம்பித்தால் 12.20, அதற்குமேல் கேன்டீன் நேரம், இரண்டு மணிக்கு ஷிஃப்ட் மாற்றம், அந்தக் கலவரத்தில் யாரும் விசிட்டரை உள்ளே விடமாட்டார்கள். இரண்டாவது பேட்ச் மூன்று மணிக்குத்தான் நுழைய முடியும், ஒரே சூப்பர்வைசரை நாள் முழுக்க லைனிலிருந்து எடுக்க வேண்டியிருக்கும், அதற்கு புரொடக்ஷன் ஹெட் ஒத்துக்கொள்வது கஷ்டம்.

எங்களிடம் வந்த ஒரு கல்லூரி இதை அழகாகச் செய்தது. பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு ஃபேக்டரிகளில் கேட்டார்கள், ஒன்று எங்களுடையது, இன்னொன்று காஸ்டிங் போடும் இடம். செவ்வாய்க்கிழமை முதல் பேட்ச் எங்களிடம், இரண்டாவது பேட்ச் அங்கே. வியாழக்கிழமை மாற்றிக்கொண்டார்கள். இரண்டு நாளும் காலை பத்து முதல் பன்னிரண்டரை வரைதான். பஸ் இரண்டு நாளும் ஒன்றே, ஒரு பேட்சை இறக்கிவிட்டு அடுத்த கேட்டுக்குப் போய்விடும். எந்த ஃபேக்டரிக்கும் ஒரு நேரத்தில் 28 பேருக்குமேல் சுமை இல்லை, எல்லா மாணவர்களும் இரண்டு இடமும் பார்த்துவிட்டார்கள். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை மாதிரி சிப்காட் இருக்கும் இடங்களில் இது நடக்கும் காரியம், உங்கள் ஏரியாவும் அதுதானே.

நாள் விஷயத்தில் ஒரே தேதி கொடுத்துவிட்டு நிற்காதீர்கள். "ஆகஸ்ட் மூன்றாம் வாரத்தில் செவ்வாய், புதன் அல்லது வியாழன், உங்களுக்கு வசதியான நாள்" என்று எழுதினால் போதும். மாதக் கடைசி வாரம் கேட்கவே வேண்டாம், டிஸ்பேட்ச் நெருக்கடியில் எல்லோரும் ஓடிக்கொண்டிருப்பார்கள். மார்ச் கடைசி ஸ்டாக் கணக்கு எடுக்கும் நேரம், அதுவும் வேண்டாம். ஆயுத பூஜை வாரத்தில் பாதி மெஷின் நிறுத்திக் கழுவிக்கொண்டிருப்பார்கள், போனாலும் பார்க்க ஒன்றும் இருக்காது. திங்கட்கிழமை காலை மீட்டிங், சனிக்கிழமை பாதி ஆட்கள் இருக்கமாட்டார்கள். கடிதம் போய்ச் சேரும் நாளுக்கும் நீங்கள் கேட்கும் நாளுக்கும் நடுவில் ஐந்து வாரமாவது இருக்கட்டும். அடுத்த வாரம் வரட்டுமா என்று கேட்பவர்களுக்கு முடியாது என்று சொல்வதுதான் எங்களுக்கு எளிது.

எதைப் பார்க்க வேண்டும் என்பதையும் எழுதுங்கள். பெரும்பாலானவர்கள் "உற்பத்தி முறைகளை அறிய" என்று எழுதுவார்கள். ஒரு கடிதத்தில், மெட்ராலஜி பாடத்தில் கியர் டூத் அளப்பது படித்திருக்கிறோம், ஹாபிங் முடிந்த கியரையும் ஹீட் ட்ரீட்மென்ட் முடிந்த கியரையும் அளந்தால் எவ்வளவு வித்தியாசம் வருகிறது என்று இன்ஸ்பெக்ஷன் ரூமில் பார்க்க வேண்டும் என்று இருந்தது. எங்கள் குவாலிட்டி மேனேஜர் அந்தக் கடிதத்தை என் மேஜையில் பார்த்துவிட்டு தானே ஒரு மணி நேரம் ஒதுக்கினார். அன்றைக்குக் கார்பரைசிங் முடிந்து வந்த கியர் ஒன்றையும் அதே பேட்சில் ஹாபிங்கோடு நின்ற ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டின் சார்ட்டையும் பிரின்ட் போட்டு பையன்களிடம் கொடுத்தார். நேராக இருக்க வேண்டிய கோடு ஹீட் ட்ரீட்மென்ட் ஆன கியரின் தாளில் சாய்ந்து போயிருந்தது, சூட்டில் கியர் எப்படித் திருகிக்கொள்கிறது என்பதை அவர்கள் கண்ணால் பார்த்தார்கள். இது அனுமதிக் கடிதத்தில் எழுதிய ஒரு வாக்கியத்தால் கிடைத்தது. உங்கள் பாடத்தில் எந்த யூனிட்டுக்கு எந்த ஃபேக்டரி பொருந்தும் என்று வாத்தியாரிடம் உட்கார்ந்து பேசி இந்த வாக்கியத்தைக் கண்டுபிடியுங்கள். ஏழு கம்பெனிக்கும் ஒரே கடிதத்தைப் பெயர் மாற்றி அனுப்பியிருந்தால் இது வந்திருக்காது.

சரி, கடிதம் இப்படி இருக்கலாம். தமிழில் தருகிறேன், நீங்கள் ஆங்கிலத்தில் எழுதி அனுப்புங்கள், பிளான்ட் ஹெட்டோ சேஃப்டி ஆபீசரோ தமிழ் படிக்காதவராக இருக்கலாம்.

> பொருள்: மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு மாணவர்கள் 28 பேர், இரண்டு ஆசிரியர்கள், ஆகஸ்ட் மூன்றாம் வாரம், தொழிற்சாலைப் பார்வைக்கு அனுமதி வேண்டி.
>
> ஐயா / அம்மா, நான் இந்தக் கல்லூரியின் மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு வகுப்புப் பிரதிநிதி. எங்கள் மெட்ராலஜி பாடத்துக்காக உங்கள் ஃபேக்டரியின் கியர் மெஷினிங் லைனையும் இன்ஸ்பெக்ஷன் ரூமையும் பார்க்க அனுமதி வேண்டுகிறேன்.
>
> வருபவர்கள் 28 மாணவர்கள் (19 ஆண்கள், 9 பெண்கள்), ஆசிரியர்கள் இருவர், அதில் ஒருவர் பெண். உள்ளே 14 பேராகப் பிரிந்து வருவோம். ஆகஸ்ட் மூன்றாம் வாரத்தில் செவ்வாய் முதல் வியாழன் வரை எந்த நாளும் காலை 10 முதல் 12.30 வரை வர இயலும்.
>
> எல்லோரும் மூடிய ஷூ, பேன்ட், கல்லூரி ஐ.டி. கார்டுடன் வருவோம். செல்போன்களை பஸ்ஸிலேயே வைத்துவிடுவோம். உணவு எங்கள் பொறுப்பு. மாணவர்களுக்குக் கல்லூரியின் விபத்துக் காப்பீடு உள்ளது, நகல் இணைத்துள்ளேன்.
>
> முதல்வர் கையெழுத்திட்ட கடிதமும் பெயர்ப் பட்டியலும் இணைப்பில் உள்ளன. துறைத் தலைவரின் எண்ணும் என் எண்ணும் கீழே.

இவ்வளவுதான். இதைப் படித்தால் ஒரு நிமிடம் ஆகும், ஆனால் அந்த மூன்று பேரின் கேள்விக்கும் பதில் இருக்கிறது. காப்பீடு பற்றி எழுதும் முன் உங்கள் கல்லூரியில் உண்மையிலேயே பாலிசி இருக்கிறதா என்று ஆபீசில் கேட்டு நகல் வாங்குங்கள். இல்லையென்றால் அந்த வரியை எடுத்துவிட்டு, கல்லூரியின் பொறுப்பில் அழைத்து வருகிறோம் என்று முதல்வரின் உறுதிக் கடிதம் வையுங்கள். உணவு பற்றிய வரி சின்னதாகத் தெரியும், ஆனால் கேன்டீன் கான்ட்ராக்டரிடம் 30 சாப்பாடு கூடுதலாகச் சொல்ல வேண்டுமா என்பது எங்களுக்கு எப்போதும் ஒரு தலைவலி.

பெண் பிள்ளைகள் எத்தனை பேர் என்று கேட்பதற்கும் காரணம் உண்டு. ஒருமுறை ஒரு கல்லூரியிலிருந்து வந்த பிள்ளைகள் ஒன்பது பேர் துப்பட்டாவோடு, செருப்போடு கேட்டில் நின்றார்கள். யாரும் அவர்களிடம் முன்கூட்டிச் சொல்லவில்லை. சுற்றும் ஸ்பிண்டில் பக்கத்தில் துப்பட்டா, தொங்கும் பின்னல், வளையல் எதுவும் கூடாது, சேஃப்டி ஆபீசர் விடவில்லை, விடவும் கூடாது. காலையில் ஐந்து மணிக்குக் கிளம்பி மூன்று மணி நேரம் பஸ்ஸில் வந்த பிள்ளைகள் செக்யூரிட்டி ரூம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள், உள்ளே போன வகுப்புத் தோழர்கள் வரும்வரை. எனக்கு இன்னும் அது உறுத்துகிறது, கல்லூரிக்கு நான் அனுப்பிய அனுமதி மெயிலில் அதை எழுதியிருக்க வேண்டும். உடை விதியை நீங்களே கேட்டு வாங்கி, வாட்ஸ்அப்பில் முந்தின வாரமும் முந்தின நாள் இரவும் போடுங்கள்.

முதல்வர் கடிதம் லெட்டர்ஹெட்டில், தேதியோடு, சீலோடு இருக்க வேண்டும். மாணவர் கையெழுத்திட்ட கடிதம் மட்டும் வந்தால் அதை நாங்கள் கணக்கில் எடுப்பதில்லை, யார் பொறுப்பு என்பது அதில் தெரியாது. உங்கள் மெயிலைக் கல்லூரி மெயில் ஐ.டி.யிலிருந்து அனுப்பி, துறைத் தலைவரை காப்பியில் வையுங்கள். பெயர்ப் பட்டியலைக் கையால் எழுதி போட்டோ எடுத்து அனுப்ப வேண்டாம், பெயரும் ரெஜிஸ்டர் எண்ணும் டைப் செய்து, `IV_Namelist_3Mech_Batch1.pdf` மாதிரி பார்த்தவுடன் புரியும் பெயரில் சேமியுங்கள். செக்யூரிட்டி அதைப் பிரின்ட் எடுத்து ஒவ்வொரு பெயராக டிக் அடிப்பார், பட்டியலில் இல்லாத ஆள் வந்தால் உள்ளே விடமாட்டார், கடைசி நேரத்தில் கூட ஒட்டிக்கொண்டு வரும் நண்பர்களிடம் இதை முன்பே சொல்லிவிடுங்கள்.

இப்போது சரியான ஆளைப் பிடிப்பது. ஃபேக்டரியின் லேண்ட்லைன் எண் பெரும்பாலும் கிடைக்கும், போர்டிலோ வெப்சைட்டிலோ இருக்கும். காலை பதினொன்று அல்லது மூன்று மணி வாக்கில் கூப்பிட்டு, "பிளான்ட் ஹெச்.ஆரில் காலேஜ் ஐ.வி. யார் பார்க்கிறார்கள்?" என்று மட்டும் கேளுங்கள். சில இடங்களில் ஹெச்.ஆர்., சில இடங்களில் டிரெய்னிங், சில இடங்களில் அட்மின். அவருடைய மெயில் ஐ.டி. வாங்கி, போனிலேயே இரண்டு வரியில் விஷயத்தைச் சொல்லி, அன்றைக்கே மெயில் போட்டுவிடுங்கள். உங்கள் சீனியர் யாராவது அங்கே வேலை பார்த்தால் அவரிடம் கேட்க வேண்டியதும் இந்த மெயில் ஐ.டி.யைத்தான், அவரையே அனுமதி வாங்கித் தரச் சொன்னால் புதிதாகச் சேர்ந்த பையன் பாவம் மாட்டிக்கொள்வான். திருச்சி பெல் மாதிரி பொதுத்துறை ஆலை என்றால் வழியே வேறு, அங்கே மனிதவள மேம்பாட்டு மையத்துக்கு முதல்வர் கடிதமாகவே போக வேண்டும்.

மெயில் போட்டு நான்காவது வேலை நாள் போன் செய்யுங்கள். அதற்கு முன் வேண்டாம், தினமும் கூப்பிடுபவர்களின் எண்ணை எடுக்காமல் விட்டவர்கள் எங்கள் ஆபீசிலேயே இருந்தார்கள். "சேஃப்டியிலிருந்து ஏதாவது கூடுதலாகக் கேட்டிருக்கிறார்களா சார்?" என்று கேளுங்கள். அனுமதி வந்ததா என்று கேட்டால் இல்லை என்று வைத்துவிடுவார்கள், இப்படிக் கேட்டால் கடிதம் யார் மேஜையில் நிற்கிறது என்பதாவது தெரியும். "இந்த மாதம் ஆடிட்" என்று சொன்னால் அது பெரும்பாலும் உண்மை, எந்த வாரத்துக்குமேல் கேட்கலாம் என்று தேதி வாங்கிக்கொள்ளுங்கள். "கஸ்டமர் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்" என்று சொன்னால் அதற்குமேல் கேட்க வேண்டாம். வண்டிக் கம்பெனிகளுக்கு இன்னும் வெளிவராத மாடலின் பார்ட்ஸ் செய்யும் இடங்களில் ஒப்பந்தத்திலேயே தடை இருக்கும், ஹெச்.ஆரால் ஒன்றும் செய்ய முடியாது. எங்களிடம் வந்த ஒரு மாணவன் ஒளித்துக் கொண்டுபோன போனில் ட்ரேயில் இருந்த புது பார்ட்டை எடுத்து ஸ்டேட்டஸில் போட்டான், அதற்கப்புறம் ஒன்றரை வருடம் எந்தக் கல்லூரிக்கும் எங்கள் கேட் திறக்கவில்லை. உங்கள் ஏழு கம்பெனிகளில் ஏதோ ஒன்றில் இப்படி யாரோ செய்துவிட்டுப் போயிருக்கவும் வாய்ப்பு உண்டு.

இன்னொன்று, ஐ.வி.யோடு டூரும் சேர்த்துப் போடுகிறீர்கள் என்றால் ஃபேக்டரியை முதல் நாள் காலையில் வைக்காதீர்கள். இரவு முழுக்க பஸ்ஸில் பாட்டுப் போட்டு ஆடிவிட்டு வந்த பையன்கள் இன்டக்ஷன் ஹாலில் தூங்கி விழுவதை நிறையப் பார்த்திருக்கிறேன், அந்தக் கண்ணோடு மெஷின் பக்கம் விடுவது ஆபத்து. எங்கள் சேஃப்டி ஆபீசர் ஒரு பேட்சை ஹாலிலேயே வீடியோ காட்டித் திருப்பி அனுப்பியிருக்கிறார்.

அனுமதி கிடைத்தபின் போவதற்கு இரண்டு நாள் முன்பு ஒரு மெயில் போடுங்கள், பஸ் பதிவு எண், டிரைவர் பெயர், திருத்திய பட்டியல், எத்தனை மணிக்கு கேட்டுக்கு வருவீர்கள் என்று. 28 என்று சொல்லி 24 பேர் வந்தால் ஒன்றும் இல்லை, 33 பேர் வந்தால் ஐந்து பேர் வெளியில் நிற்பார்கள். போக முடியாமல் போனால் அன்றைக்குக் காலையிலாவது போன் செய்துவிடுங்கள், ஏனென்றால் அந்த இரண்டரை மணி நேரத்துக்காக ஒரு சூப்பர்வைசர் தன் வேலையை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டு கேட்டில் நின்றுகொண்டிருப்பார்.

உங்கள் ஏழில் எவை மெஷினிங், எவை அசெம்பிளி என்று எழுதுங்கள். எந்த லைனைக் கேட்பது என்று சொல்கிறேன்.